முழங்கால் ஜவ்வு கிழிஞ்ச மகளுக்கு விளையாட்டுப் பாடத்துல விலக்கு கேட்டு எப்படிக் கடிதம் எழுதுறது?

நானுஓயா அம்மா

எல்லாருக்கும் வணக்கம். மகள் தரம் 9ல படிக்கிறா. பெப்ரவரியில இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வலைப்பந்து பழகும்போது, எம்பிப் பந்தைப் பிடிச்சிட்டு இறங்கினவளுக்கு இடது முழங்கால் உள்பக்கமா மடங்கிருச்சு. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எக்ஸ்ரே பார்த்துட்டு எலும்பு முறியல, உள்பக்க ஜவ்வு கொஞ்சம் கிழிஞ்சிருக்கும்னு சொன்னாங்க. கட்டுப் போட்டு, ரெண்டு கிழமை ஓய்வுன்னு துண்டுல எழுதித் தந்தாங்க.

அந்தத் துண்டோட நான் பாடசாலைக்கு எழுதினது இவ்வளவுதான்: "எனது மகளுக்குக் காலில் வலி இருப்பதால் விளையாட்டுப் பாடத்திலிருந்து விலக்கு அளிக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

ரெண்டு கிழமை முடிஞ்சதும் விளையாட்டு டீச்சர் "நல்லாத்தானே நடக்கிற, வா"ன்னு மைதானத்தைச் சுத்தி ஓட விட்டிருக்காங்க. அன்னைக்கு மைதானத்துல இருந்து வகுப்புக்குப் போற படியில திரும்பும்போது கால் நழுவின மாதிரி மடங்கி, பின்னேரம் மறுபடியும் வீங்கிருச்சு. டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. துண்டுல இருந்தது ரெண்டு கிழமைதான். நடந்தாலும் நொண்டல் தெரியாது. இந்தத் தடவை எப்படி எழுதினா அவங்களுக்கு விளங்கும்? எத்தனை மாசம்னு போடணும்?

பண்டாரவளை அப்பா

அக்கா, எங்க மகனுக்கு இழுப்பு. மழைக் காலத்துல மைதானத்துக்குப் போனாலே மூச்சு வாங்கும். நாங்க டாக்டர்கிட்ட சொல்லி முழு வருசத்துக்கும் சேர்த்து ஒரே மெடிக்கலா எடுத்துக் கொடுத்துட்டோம். அதுக்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நீங்களும் ஒரு வருசம்னு எடுத்துருங்க, தொந்தரவு இல்ல.

பதுளை விளையாட்டு ஆசிரியர்

ஒரு வருடம் தேவையில்லை அம்மா. நான் 17 வருடமாக மைதானத்தில் நிற்கிறேன். உள்பக்க ஜவ்வு பாதி கிழிந்த பிள்ளைகள் ஆறு, எட்டுக் கிழமையில் பழையபடி ஓடுகிறார்கள். சத்திரசிகிச்சையும் வேண்டியதில்லை. முழங்காலுக்கு இறுக்கமாக ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு மெதுவாக ஆரம்பிக்கலாம். இரண்டு மாதம் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. சுகாதாரமும் உடற்கல்வியும் தரம் 9 வரை எல்லோருக்கும் கட்டாயப் பாடம். "பாடத்திலிருந்து விலக்கு" என்று கேட்டால் அதிபருக்கே சங்கடம். எழுத்துப் பரீட்சையை அவள் எழுதத்தான் வேண்டும்.

ஹட்டன் பிசியோ

சேர் கடைசியாகச் சொன்னது மிகச் சரி, கடிதத்தில் முதலில் திருத்த வேண்டியது அதுதான். ஆனால் இரண்டு மாதம் என்று எழுதுவதற்கு முன் அம்மாவிடம் சில கேள்விகள். விழுந்தபோது முழங்காலுக்குள் ஏதாவது சத்தம் கேட்டதாக மகள் சொன்னாளா? வீக்கம் எவ்வளவு நேரத்தில் வந்தது? உள்பக்கம் மட்டும் வீங்கியதா, சிரட்டைக்கு மேலே சுற்றிவர வீங்கியதா? கால் மடங்கியது இந்த ஒரு முறைதானா? காலை முழுதாக நீட்ட முடிகிறதா?

நானுஓயா அம்மா

"டப்"னு ஒரு சத்தம் கேட்டுச்சாம், பக்கத்துல நின்ன பிள்ளைக்கும் கேட்டுச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும், அதுக்குள்ளேயே முழங்கால் முழுக்க உருண்டையா வீங்கி, சப்பாத்து போட்ட காலை வானுக்குள்ள தூக்கி வைக்க முடியல. நீங்க கேட்டதுக்கு அப்புறம் மகள்கிட்ட விசாரிச்சேன். இது மூணாவது தடவையாம். லயத்துக்கு இறங்குற படியில ரெண்டு தரம் மடங்கியிருக்கு. நான் ஏசுவேன்னு சொல்லாம இருந்திருக்கா. காலை நீட்ட முடியுது.

ஹட்டன் பிசியோ

பிள்ளையை ஏசாதீர்கள், அவள் சொன்னது பெரிய உதவி.

உள்பக்க ஜவ்வு முழங்காலின் உள்பக்கத்தில், மூட்டின் உட்குழிக்கு வெளியே ஓடுவது. அது மட்டும் கிழிந்தால் அந்த இடம் நோகும், கொஞ்சம் வீங்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் முழங்கால் முழுக்க உருண்டையாக வீங்கினால், பெரும்பாலும் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். சத்தமும் கேட்டு, பிறகு திரும்பும்போது கால் மடங்குகிறது என்றால், நடுவில் குறுக்காக இருக்கும் முன் ஜவ்வு அறுந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். சிரட்டை ஒருமுறை விலகி மீண்டும் இடத்துக்கு வந்திருந்தாலும் இதேமாதிரி இருக்கும். ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது. விழுந்த அன்றைக்கு வலியிலும் வீக்கத்திலும் கையால் பிடித்துப் பார்த்தும் சரியாகச் சொல்ல முடியாது. அதனால் அன்று பார்த்த டாக்டரில் பிழை இல்லை, மறுபடி பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சேர் சொன்ன ஆறு, எட்டுக் கிழமை உள்பக்க ஜவ்வுக்குப் பொருந்தும். முன் ஜவ்வு முழுதாக அறுந்தால் பொதுவாகத் தானாக ஒட்டாது. சத்திரசிகிச்சை செய்தால் வலைப்பந்து போன்ற விளையாட்டுக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம், வளரும் பிள்ளைக்கு ஒரு வருடமும் ஆகும். துணிக் கட்டு எவ்வளவு இறுக்கினாலும் முழங்கால் திரும்புவதைத் தடுக்காது. மடங்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் மெத்தை போன்ற குருத்தெலும்பு நசுங்கிக் கிழிய இடமுண்டு. நான் பயப்படுவது அதற்குத்தான்.

இந்தக் கிழமையே எலும்பு முறிவு கிளினிக்குக் காட்டுங்கள். "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரைதான் கிடைக்கும். சத்தம், ஒரு மணித்தியால வீக்கம், மூன்று தடவை மடங்கியது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். கால் இடையில் சிக்கி நீட்ட முடியாமல் போனால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

பதுளை விளையாட்டு ஆசிரியர்

ஒரு மணித்தியாலத்தில் வீங்கியது என்று தெரிந்திருந்தால் நானும் இரண்டு மாதம் என்று சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி. நன்றாக நடக்கிற பிள்ளையை ஓட வேண்டாம் என்றால், மற்றப் பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

ஹட்டன் பிசியோ

அதற்கான பதிலைத்தான் கடிதத்தில் எழுத வேண்டும் சேர். நேராக நடக்கும்போது அந்த ஜவ்வுக்கு வேலை குறைவு. ஓடி வந்து சட்டென்று நிற்கும்போதும், காலை ஊன்றித் திரும்பும்போதும், எம்பி இறங்கும்போதும்தான் அது காலைப் பிடித்து வைக்கிறது. இந்த இரண்டு வரி இருந்தால் எந்த ஆசிரியரும் ஓட விட மாட்டார்.

அம்மா, மாதக் கணக்குப் போடாதீர்கள். டாக்டரே இன்னும் முடிவு சொல்லாதபோது நாம் போட்டால், அந்தத் தேதி முடிந்ததும் இதே கதைதான். அடுத்த கிளினிக் தேதியைப் போட்டு, அதற்குப் பிறகு எழுத்தில் அறியத்தருவோம் என்று எழுதுங்கள். முழு விலக்கும் கேட்காதீர்கள். வேலை செய்யாத தொடைத் தசை சீக்கிரம் மெலியும், மெலிந்தால் கால் இன்னும் மடங்கும். தையல் டேப்பை எடுத்து, சிரட்டையின் மேல் விளிம்பிலிருந்து 10 சென்ரிமீட்டர் மேலே இரண்டு தொடையையும் அளந்து பாருங்கள்.

நானுஓயா அம்மா

அளந்தேன். வலது 39, இடது 36 அரை. பாவாடைக்குள்ள இருந்ததால எனக்குத் தெரியவே இல்ல.

ஹட்டன் பிசியோ

அந்த அளவையும் கிளினிக்கில் சொல்லுங்கள். டாக்டர் சரி என்றால், சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து, தொடையை இறுக்கி அதை அமுக்கி ஐந்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று நேரம். விளையாட்டு நேரத்தில் ஒரு வாங்கில் காலை நீட்டி இருந்துகொண்டே செய்யலாம்.

ஓய்வுபெற்ற பகுதித் தலைவர், கொட்டகலை

கடிதம் அலுவலகத்தில் எப்படிப் போகும் என்பதைச் சொல்கிறேன். அதிபருக்கு முகவரியிட்டு, "வகுப்பாசிரியர் ஊடாக" என்று போடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "கிடைத்தது" என்று திகதியுடன் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டயக்னோசிஸ் கார்டின் போட்டோக் கொப்பியை மட்டும் இணையுங்கள், மூலத்தைக் கொடுத்துவிட்டால் கிளினிக் நாளில் அலைய வேண்டி வரும். எங்கள் மலைப் பாடசாலைகளில் மைதானம் ஓரிடம், வகுப்பு ஐம்பது படிக்கு மேலே. படியைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். நேரில் போய்க் கொடுத்தால் இன்னும் நல்லது.

நானுஓயா அம்மா

ரெண்டு கிழமைக்கு அப்புறம் எழுதுறேன். வேலைக்குப் போகாம, ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லன்னு கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். மூணு விசயத்தையும் சொன்னேன். டாக்டர் மகளைப் படுக்க வச்சு, முழங்காலை மடக்கி, கெண்டைக்கால் எலும்பை முன்னுக்கு இழுத்துப் பார்த்தாரு. ரெண்டு காலுக்கும் வித்தியாசம் இருக்குன்னு சொல்லி எம்.ஆர்.ஐ.க்கு எழுதினாரு. பக்கக் கம்பி வச்ச முழங்கால் பட்டியும், பிசியோவுக்குத் துண்டும் தந்தாரு. எம்.ஆர்.ஐ. தேதி இன்னும் வரல. நீங்க எல்லாரும் சொன்னதை வச்சு எழுதின கடிதம் இது:

"அதிபர் அவர்களுக்கு,
வகுப்பாசிரியர் ஊடாக.

விளையாட்டுச் செயற்பாடுகளிலிருந்து தற்காலிக விலக்குக் கோரல் – தரம் 9

மதிப்பிற்குரிய ஐயா,

பெப்ரவரி மாதம் வலைப்பந்துப் பயிற்சியின்போது எனது மகளின் இடது முழங்கால் ஜவ்வில் காயம் ஏற்பட்டது. அதன் பின் மூன்று தடவைகள் முழங்கால் மடங்கியுள்ளது. எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு வைத்தியர் பணித்துள்ளார். டயக்னோசிஸ் கார்டின் பிரதியை இணைத்துள்ளேன்.

நேராக நடக்கும்போது அவர் சாதாரணமாகத் தெரிவார். ஓடி நிற்கும்போதும், ஊன்றித் திரும்பும்போதும், பாய்ந்து இறங்கும்போதுமே முழங்கால் மடங்குகிறது. ஆகையால் ஓட்டம், பாய்தல், வலைப்பந்து, எல்லே, டிரில் ஆகியவற்றில் அவரை ஈடுபடுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

உடற்கல்விப் பாடத்தின் எழுத்து வேலைகளையும் பரீட்சையையும் அவர் செய்வார். புள்ளி பதிதல், நேரம் எடுத்தல் போன்றவற்றில் உதவுவார். அந்நேரத்தில் வைத்தியர் அனுமதித்த தொடைப் பயிற்சிகளை இருந்தவாறு செய்ய இடமளிக்கவும். மைதானத்திலிருந்து வகுப்புக்குப் படியேற ஐந்து நிமிடம் முன்னதாக விடவும், காலைக் கூட்டத்தில் அமர்ந்திருக்கவும் அனுமதி வேண்டுகிறேன்.

அடுத்த கிளினிக் தினம் மே 14. அதன் பின்னர் வைத்தியரின் முடிவை எழுத்தில் அறியத்தருவேன். அதுவரை இவ்விலக்கை நீடிக்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தாய்"

கொண்டுபோய்க் கொடுத்து, அந்தக் கையொப்பமும் வாங்கிட்டேன். அதிபர் படிச்சிட்டு, தரம் 9 வகுப்பை மேல் மாடியில இருந்து கீழ இறக்கலாமான்னு பார்க்கிறேன்னு சொன்னாரு. நான் கேக்காமலே சொன்னாரு. விளையாட்டு டீச்சர் ரெண்டாவது பந்தியை ரெண்டு தரம் வாசிச்சிட்டு, "இது எனக்குத் தெரியாது"ன்னாங்க.

செய்முறைப் புள்ளி என்னாகும்னு கேட்டேன். வலயத்துல கேட்டுச் சொல்றேன்னாங்க. பதுளை சேர், உங்க பக்கம் எப்படி?

பதுளை விளையாட்டு ஆசிரியர்

என் வகுப்பில் ஒருமுறை, காயப்பட்ட பையனுக்குச் செய்முறைக்குப் பதிலாக விதிமுறைகளை எழுதவைத்து, நடுவர் சைகைகளைச் செய்துகாட்டச் சொல்லிப் புள்ளி போட்டேன். அதிபர் ஒப்புக்கொண்டார். எல்லாப் பாடசாலையிலும் அப்படி ஏற்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது. வலயத்திலிருந்து பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள் அம்மா, எனக்கும் தேவைப்படும்.