டெண்டர் நுட்ப உறை: நிறுவனக் குறிப்பும் முக்கியப் பணியாளர் பட்டியலும் சரிதானா?

சைட்_மதுரை: பள்ளிக் கட்டட வேலை, மதிப்பீடு 3.8 கோடி, காலம் 9 மாதம், இரண்டு உறை முறை. திட்ட மேலாளராக பி.இ. சிவில் படித்தவர், 10 ஆண்டு அனுபவத்தோடு வேண்டும் என்கிறார்கள். எங்கள் பொறியாளரின் சான்றிதழ்கள் இரண்டு: ஜூலை 2015 – மார்ச் 2019, அக்டோபர் 2018 – டிசம்பர் 2024. கூட்டினால் சரியாக 10 ஆண்டு வருகிறது. ஐந்தாண்டில் எங்கள் உச்ச விற்றுமுதல் 3.2 கோடி. கையில் ஒரு வேலை, மீதி 1.6 கோடி, இன்னும் 18 மாதம் ஓடும். நிறுவனக் குறிப்பு 22 பக்கம் வந்துவிட்டது. எதைக் குறைப்பது?

சிமென்ட்_மூட்டை: டெண்டர் கொள்ளளவு 2 × விற்றுமுதல் × ஆண்டுக் கணக்கில் காலம், அதில் மீதி வேலையைக் கழிக்க வேண்டும். 4.8 – 1.6 = 3.2 கோடி. மதிப்பீட்டுக்குக் கீழே போகிறது, போடாதீர்கள்.

பில்_புக்: சூத்திரம் சரி, கழித்ததுதான் தவறு. வழக்கமான வாசகப்படி, கழிக்க வேண்டியது மீதி வேலையில், புது வேலையின் 9 மாதத்துக்குள் செய்யப்போகும் பகுதி மட்டும். மாதாமாதம் சீராக நடந்தால் அது 80 லட்சம்; கொள்ளளவு 4 கோடி, போதும். ஆனால் பெருக்கு எண் 2-ஆ 1.5-ஆ என்று ஆவணத்தில் பாருங்கள். 1.5 என்றால் 2.8 கோடிதான், அப்போது வழியில்லை. மீதி வேலைக்குச் செயற்பொறியாளரின் சான்று வேண்டும். வேலைத் திட்டத்தில் முதல் பாதியிலேயே அதிகம் காட்டியிருந்தால் 80 லட்சத்தை ஏற்க மாட்டார்கள்.

பெரிய சிக்கல் பொறியாளர் தேதியில் இருக்கிறது. அக்டோபர் 2018 முதல் மார்ச் 2019 வரை ஆறு மாதம் இரண்டு சான்றிலும் வருகிறது. அதை ஒருமுறைதான் எண்ணுவார்கள். 9 ஆண்டு 6 மாதம்தான் தேறும். அவர் உங்களிடம் எப்போது சேர்ந்தார்?

சைட்_மதுரை: ஜனவரி 2025. ஆகஸ்ட் முடிய 8 மாதம். அதைச் சேர்க்கவே இல்லை!

பில்_புக்: சேருங்கள், 10 ஆண்டு 2 மாதம் ஆகிவிடும். நியமன ஆணையோடு வருங்கால வைப்பு நிதி மாதப் பட்டியலில் அவர் பெயர் உள்ள பக்கமும் வையுங்கள்; வெறும் கடிதத்தை நம்ப மாட்டார்கள். ஒரே காலத்தில் இரு நிறுவனம் ஏன் என்று தெரிய முதல் நிறுவனத்திடம் விடுவிப்புக் கடிதம் கேளுங்கள், தேதி தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். தன்விவரத்தில் அவரே கையெழுத்திட வேண்டும்.

22 பக்கத்தில் வண்ணப்படங்களை எடுத்துவிடுங்கள். பதிவு வகுப்பு, விற்றுமுதல், முடித்த ஒத்த வேலைகள், கையிருப்பு வேலை, ஆட்கள், இயந்திரம் போதும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே இணைப்பின் பக்க எண் இருக்கட்டும். தணிக்கையாளர் சான்றில் யு.டி.ஐ.என். எண் பதினெட்டு இலக்கமும் படிக்கும்படி ஸ்கேன் ஆகட்டும்.

செங்கல்_சூளை: எங்களுக்கு முன்வைப்புத் தொகை விலக்கு உண்டா? சிறு தொழில் பதிவு இருக்கிறது.

பில்_புக்: அது வேறு கேள்வி, தனி இழையில் கேளுங்கள்.

சைட்_மதுரை: அந்தப் பொறியாளரையே இப்போதைய வேலையிலும் மேலாளராகக் காட்டியிருக்கிறோம். பரவாயில்லையா?

சிமென்ட்_மூட்டை: இரண்டு சைட்டும் ஒரே ஊரில்தானே, பரவாயில்லை.

பில்_புக்: அப்படிச் சொல்லிவிட முடியாது. முழுநேரம் என்று ஆவணம் கேட்டால் மாற்று ஆள் காட்ட வேண்டும். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தின் கேள்வி நேரத்திலேயே எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் வரும்வரை அவர் பெயரை உறுதி செய்யாதீர்கள்.