காலிப்ரேஷன்: திருத்துவதா, ஒத்துப்பார்ப்பதா?

கயல்விழி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மலிவான வெப்பநிலை உணரி ஒன்றை நம்பகமான பாதரச வெப்பமானியோடு இரண்டு வெப்பநிலைகளில் ஒப்பிட்டு, அதன் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் பாடம். "டூ பாயின்ட் காலிப்ரேஷன்" என்பதற்கு "இருபுள்ளி அளவுத்திருத்தம்" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த ஒரு மாணவி, "திருத்தம் என்றால் உணரிக்குள் எதையாவது திருகணுமா மிஸ்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான், அந்தச் சொல்லே அப்படி நினைக்க வைக்கிறது. நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

பிரபு எழுதியது:

அக்கா, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? அளவுத்திருத்தம் எல்லாருக்கும் புரிகிறது, அதையே வைத்துக்கொள்ளலாம். வேலையும் சுலபம்தான். ஐஸில் வைத்தால் 0, கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் 100, இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு. வெப்பமானிகூடத் தேவையில்லை.

முத்தையா எழுதியது:

பிரபு தம்பி, நேர்கோடு சரி. ஆனால் 100 எல்லா ஊருக்கும் 100 இல்லை. கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே ஒரு பிள்ளை இதைச் செய்தால் நல்ல உணரியையும் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடும். ஐஸிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டி 0 டிகிரிக்குக் கீழே எவ்வளவோ இருக்கும். அதை நன்றாக நொறுக்கி, சுத்தமான தண்ணீர் கொஞ்சம் விட்டு, கூழ் மாதிரி ஆனபிறகு கலக்கிக்கொண்டே இருந்தால்தான் 0 வரும். தண்ணீர் அதிகமாகி ஐஸ் மேலே மிதந்தால் அடியில் 3, 4 டிகிரிகூடக் காட்டும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். கருவி ஆய்வகத்தில் முப்பது வருடம் இந்த வேலைதான் பார்த்தேன். காலிப்ரேஷன் செய்கிறவன் கருவியைத் தொட்டுத் திருத்துவதில்லை. இது இத்தனை காட்டும்போது உண்மை இத்தனை என்று எழுதித் தருகிறான், அத்தோடு அவன் வேலை முடிந்தது. திருத்துவது அதற்கு அப்புறம் வருகிற தனி வேலை. கணக்குப்பிள்ளை பேரேட்டை ஒத்துப்பார்ப்பார், தப்பு இருந்தால் பிறகு திருத்துவார். அதனால் முதல் வேலைக்கு "ஒத்துப்பார்ப்பு", இரண்டாவதற்கு "திருத்தம்" என்று பிரித்துவிடலாம் என்பது என் கருத்து.

ஃபாத்திமா எழுதியது:

நான் நாட்டுக்கோழி முட்டை பொரிக்க இன்குபேட்டர் வைத்திருக்கிறேன். சொல்லைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் இந்தக் கஷ்டம் தெரியும். உணரி 37.7 என்று காட்டியது, குஞ்சு 21-ஆம் நாள் வராமல் 23-ஆம் நாள் வந்தது, பாதி முட்டை வீண். அப்புறம் ஐஸில் வைத்துப் பார்த்தேன், 0.75 காட்டியது. அந்த முக்காலைக் கழித்துவிட்டேன். அடுத்த ஈடும் ஒரு நாள் தாமதம்தான். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை வைத்து இதைச் சரிபார்க்கலாமா? அதற்குத்தான் சொல் தேடுகிறீர்களா?

முத்தையா எழுதியது:

ஃபாத்திமா அம்மா, நீங்கள் கேட்டது வேறாக இருந்தாலும் இந்த விவாதத்துக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. காய்ச்சல் தெர்மாமீட்டர் 37-ஐச் சுற்றி நன்றாகவே சொல்லும். ஆனால் ஐஸில் வேலை செய்யாது. அதோடு, ஏறின உச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், இறங்குவதைக் காட்டாது. அதனால் ஆறுகிற தண்ணீரில் இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிட முடியாது.

ஒருவரிடம் பத்தில் ஒரு டிகிரி கோடு போட்ட பாதரச வெப்பமானியை இரவல் வாங்கிப் பாருங்கள். ஃபிளாஸ்க்கில் 45 டிகிரி வாக்கில் வெந்நீர் ஊற்றி, உணரியையும் வெப்பமானிக் குமிழையும் ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி, கலக்கிக்கொண்டே ஐந்து நிமிடம் விடுங்கள். பாதரசத் தண்டில் எவ்வளவு ஆழம் முக்கவேண்டும் என்று கோடு இருந்தால் அதுவரை முக்கவேண்டும். இரண்டு எண்ணும் நிலையாக நின்றபிறகு ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபாத்திமா எழுதியது:

செய்துவிட்டேன் ஐயா. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வெப்பமானி கொடுத்தார். ஐஸ் கூழில் அது சரியாக 0, உணரி பழையபடி 0.75. ஃபிளாஸ்க்கில் அது 45.2, உணரி 46.625.

முத்தையா எழுதியது:

கீழே முக்கால் டிகிரி, மேலே கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி கூடுதல். பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை, மேலே போகப்போக வளர்கிறது. அதனால்தான் முக்காலைக் கழித்தும் உங்களுக்குக் குணமாகவில்லை. கழித்தபிறகு திரையில் 37.7 வந்தபோது பெட்டிக்குள் உண்மையில் 37.15 தான் இருந்திருக்கிறது. குஞ்சு தாமதமாகத்தான் வரும். இது டிஎஸ்18பி20 என்கிற உணரி என்று விற்றதாக இருந்தால் அசலாக இருக்காது. அசல், இந்த வெப்பநிலைகளில் அரை டிகிரிக்குள் நிற்கவேண்டும்.

பிரபு எழுதியது:

இதைப் பார்த்தபிறகு நான் சொன்னது பாதிதான் சரி என்று தெரிகிறது. ஃபாத்திமா அக்கா, உணரியைப் படிக்கிற மின்னணுப் பலகையின் நிரலில், முன்பு முக்காலைக் கழித்ததை எடுத்துவிட்டு இந்த வரியைப் போடுங்கள்:

```
t = (raw - 0.75) * 45.2 / 45.875;
```

raw என்பது உணரி நேரடியாகத் தருகிற எண், t என்பது திருத்திய வெப்பநிலை. 45.875 என்பது 46.625-லிருந்து 0.75-ஐக் கழித்தது. போட்டபிறகு நடுவில் 37, 38 வாக்கில் மூன்றாவதாக ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால்தான் பிழை நேர்கோட்டில் போகிறது என்று நம்பலாம். தெர்மிஸ்டர் வைத்துச் செய்கிறவர்களுக்கு அங்கேதான் இடிக்கும். அதன் மின்தடை வளைகோட்டில் மாறுவதால் இரண்டு இடம் போதாது.

கயல்விழி எழுதியது:

முத்தையா ஐயா சொன்ன பிரிவை ஏற்கிறேன். கையேட்டில் எனக்கு இன்னும் இரண்டு சொல் வேண்டும், எங்கும் ஒரே அளவாக இருக்கிற பிழைக்கு ஒன்று, போகப்போக வளர்கிற பிழைக்கு ஒன்று. இன்னொன்று, "இருபுள்ளி" எனக்கு இடிக்கிறது. உறைநிலை, கொதிநிலை என்றுதானே சொல்கிறோம்? "இருநிலை ஒத்துப்பார்ப்பு" எப்படி?

முத்தையா எழுதியது:

எங்கும் ஒரே அளவாக இருப்பதற்குச் சொல் சந்தையிலேயே இருக்கிறது. நெய் நிறுக்கிறவர் வெறும் பாத்திரத்துக்கு எதிர்த்தட்டில் கல் வைத்துத் தடை கட்டுவாரே, அதேதான். எத்தனை நெய் ஊற்றினாலும் பாத்திரத்தின் எடை மாறாது. "தடைப்பிழை" என்று வைக்கலாம். ஐஸில் முக்காலைக் கழித்தது தடை கட்டினது. எடைக்கல்லே குறைச்சலாக இருந்தால் சரக்கு கூடக்கூடப் பிழையும் கூடும், அது "கற்பிழை". ஃபாத்திமா அம்மாவின் உணரியில் இரண்டும் இருக்கிறது.

பிரபு எழுதியது:

ஐயா, உவமை ரொம்ப நன்றாக இருக்கிறது. ஆனால் மின்னணுவியலில் தடை என்றால் ரெசிஸ்டன்ஸ். தெர்மிஸ்டர் பாடத்தில் தடையில் தடைப்பிழை என்று வந்தால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். கற்பிழை என்பதும் படிக்கும்போது கற்றலில் பிழை மாதிரி காதில் விழுகிறது. "நகர்வுப்பிழை, சரிவுப்பிழை" என்றால் வரைபடத்தில் கோடு எப்படிப் போகிறது என்று கண்ணுக்கே தெரியும். இருநிலையும் வேண்டாம் அக்கா. ஆன், ஆஃப் என்று இரண்டே நிலை உள்ள சுற்றுக்கு அதைச் சொல்கிறார்கள். "ஈரிட" என்று வைக்கலாமா?

முத்தையா எழுதியது:

தடை மின்தடையோடு மோதும் என்பது உண்மை, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் நகர்வு என்றால் நாளாக நாளாக அளவு மெல்ல விலகுவதாகவும் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் உணரிகளுக்கு உள்ள வியாதிதான். அதற்கு அப்போது என்ன சொல் வைப்பாய்?

கயல்விழி எழுதியது:

"ஈரிட ஒத்துப்பார்ப்பு", அப்புறம் தனித் தலைப்பில் "திருத்தம்" என்று இந்த வரைவில் போடுகிறேன். சரிவுப்பிழையும் சரி. மற்றதற்கு இடம் காலியாக விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

ஃபாத்திமா எழுதியது:

பிரபு தம்பி, வரியைப் போட்டு நடுவில் பார்த்துவிட்டேன். வெப்பமானி 37.6, திரையில் 37.63. இன்றைக்கு 48 முட்டை வைத்திருக்கிறேன்.