வயித்துல இருக்கற குழந்தையோட இதயத் துடிப்பக் காட்டுற சிடிஜி மிஷின்ல கோடு இறங்கினா என்ன அர்த்தம்? லேபர் வார்டு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

செங்காங் பிரியா:
போன மாசம் எனக்கு பிரசவம் ஆச்சு, ட்ரிப் போட்டுத்தான் வலி வர வச்சாங்க, வயித்துல ரெண்டு பெல்ட். என் வீட்டுக்காரர் ராத்திரி பூரா அந்த மிஷின் நம்பரையே பாத்துட்டு இருந்தாரு. 135ல போயிட்டு இருக்கும், திடீர்னு 100க்கு இறங்கும், திரும்ப ஏறும். மிட்வைஃப் வந்து ட்ரிப்ப நிறுத்திட்டு இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொன்னாங்க, சரியாச்சு. அப்புறம் கம்மியா திரும்ப ஆரம்பிச்சாங்க. விடியக்காலைல 158தான் இருந்துச்சு, 160 வரைக்கும் நார்மல்னு இவர் படிச்சிருக்காரு, ஆனா டாக்டர் வந்து பாத்துட்டு உடனே சிசேரியன்னு சொல்லிட்டாங்க. பையன் வெளிய வந்ததும் வீல்னு அழுதான். அப்ப எதுக்கு அறுத்தாங்கன்னு மனசு கேட்டுட்டே இருக்கு.

பிடோக் ராஜா:
கொடி கழுத்துல சுத்தியிருக்கும்ங்க. என் மனைவிக்கும் இப்படித்தான் இறங்கி இறங்கி ஏறுச்சு, கொடிதான்னு சொன்னாங்க. இறங்கினாலே கொடிதான்.

உட்லண்ட்ஸ் சாந்தி அக்கா:
ராஜா தம்பி, பாதி சரி. நான் லேபர் வார்டுல ரொம்ப வருஷம் மிட்வைஃபா இருந்தவ. கொடி அமுங்கினா கோடு சட்டுனு விழும், சட்டுனு ஏறும், ஒவ்வொரு தடவையும் வடிவம் வேற வேறயா இருக்கும், வலியோட ஒட்டியும் வரும் ஒட்டாமலும் வரும். அது கழுத்துல சுத்தித்தான் இருக்கணும்னு இல்ல, தலைக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல மாட்டினாலும் அப்படித்தான்.
பிரியா, எவ்வளவு இறங்குச்சுங்கறத விட எப்போ இறங்குச்சுன்னு நாங்க முதல்ல பாப்போம். மேல் கோடு குழந்தை இதயம், கீழ்க் கோடு உங்க வலி, பேப்பர் நிமிஷத்துக்கு 1 செ.மீ ஓடும். வலியோட சேந்து மெல்ல இறங்கி வலி முடியறப்ப ஏறிட்டா தலை அமுங்குது, பயமில்ல. வலி உச்சிக்குப் போனப்புறம் இறங்க ஆரம்பிச்சு, வலி விட்டும் கொஞ்ச நேரம் கீழயே கிடந்து ஏறினா நஞ்சுக்கொடில இருந்து ஆக்ஸிஜன் பத்தல. உங்களுக்கு எப்படி இருந்துச்சு? வலி எத்தனை வந்துச்சு?

செங்காங் பிரியா:
இவர் பேப்பர போட்டோ எடுத்து வச்சிருக்காரு அக்கா. ட்ரிப்ப நிறுத்துறதுக்கு முன்னாடி 10 நிமிஷத்துல 6 வலி. வலி மலை இறங்கறப்பதான் மேல பள்ளம் விழுது. காலைல திரும்ப அதே பள்ளம், ஆனா கோடு வழவழன்னு இருக்கு, முன்னாடி ரம்பப் பல்லு மாதிரி இருந்துச்சு.

ஜூரோங் மல்லிகா:
எனக்கும் 36 வாரத்துல செக்கப் போனப்ப கோடு வழவழன்னுதான் வந்துச்சு, குழந்தை தூங்குதுன்னு சொல்லி கொஞ்ச நேரம் உக்கார வச்சாங்க, அப்புறம் துள்ள ஆரம்பிச்சிட்டா. கவலப்படாதீங்க பிரியா, இவனும் தூங்கியிருப்பான்.

உட்லண்ட்ஸ் சாந்தி அக்கா:
மல்லிகா, உங்க கேஸ் வேற, வலியும் இல்ல பள்ளமும் இல்ல. தூக்கத்துல கோடு வழவழன்னு ஆகும், 40 நிமிஷம் கூட போகும், வலி குறைய பெத்தடின் ஊசி போட்டாலும் ஆகும். ஆனா பிரியாவோடது மூணும் சேந்து வந்திருக்கு.
10 நிமிஷத்துல 5 வலிக்கு மேல வந்தா குழந்தைக்கு நடுவுல மூச்சு வாங்க நேரம் இல்ல, அதனாலதான் ட்ரிப்ப நிறுத்தினது. அப்ப பல்லு நல்லா இருந்துச்சு, அதாவது ஏத்த இறக்கம் 5க்கு மேல 25க்குள்ள, மூளைக்கு ஆக்ஸிஜன் போயிட்டுதான் இருக்கு, அதனால காத்திருந்தாங்க. காலைல 158, புத்தகக் கணக்குக்கு நார்மல்தான், ஆனா உங்க பையனோட சொந்தக் கணக்கு 135. ஆக்ஸிஜன் குறையறப்ப குழந்தை இதயத்த வேகமா அடிச்சு ஈடுகட்டப் பாக்கும், அப்படித்தான் மெல்ல மெல்ல ஏறும். உங்களுக்கு காய்ச்சல் இருந்தாலும் ஏறும், அதையும் பாத்திருப்பாங்க. ஏறின கோடு, வலிக்குப் பிந்தின பள்ளம், அதோட பல்லும் போச்சுன்னா ஈடுகட்ற தெம்பு தீருதுன்னு சந்தேகப்படணும். கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருந்துச்சு?

செங்காங் பிரியா:
6 செ.மீ. காய்ச்சல் இல்ல. தொப்புள் கொடி ரத்தம் எடுத்து அமிலம் ஏறியிருக்கான்னு பாத்து பிஎச் 7.24னு சொன்னாங்க.

பிடோக் ராஜா:
7.24 நல்ல நம்பர்தானே? அப்ப சும்மாதானே அறுத்திருக்காங்க?

உட்லண்ட்ஸ் சாந்தி அக்கா:
நல்ல நம்பர்தான். ஆனா சீக்கிரம் எடுத்ததால நல்லா இருந்துச்சா, இல்ல எப்படியும் நல்லாத்தான் இருந்திருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது தம்பி. கோடு நல்லா இருந்தா குழந்தை நல்லா இருக்குன்னு நம்பலாம், கெட்டுப்போச்சுன்னா குழந்தையும் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, அதுதான் இந்த மிஷினோட குறை. ஆனா 6 செ.மீல இன்னும் பல மணி நேரம் பாக்கி, அந்தப் பேப்பர வச்சிட்டு நானும் டாக்டர கூப்பிட்டிருப்பேன்.

செங்காங் பிரியா:
இவர் இன்னொன்னு கேக்கறாரு அக்கா, நடுவுல ஒரு தடவை நம்பர் 90க்குப் போய் அங்கயே நின்னுச்சாம், நர்ஸ் என் மணிக்கட்டப் பிடிச்சுப் பாத்துட்டு பெல்ட்ட நகத்தினாங்க, அதுவும் பள்ளமா?

உட்லண்ட்ஸ் சாந்தி அக்கா:
அது பெல்ட் உங்க நாடியப் பிடிச்சிருக்கும்மா. உங்க நாடியும் 90னு இருந்திருக்கும், அதான் கையப் பிடிச்சுப் பாத்தாங்க.