அரசலாற்றங்கரைக் குடும்பம் குழுவில்: பித்தளைக்குப் பணம்

செல்வம்: சித்தப்பா, ஆவணி முகூர்த்தத்துக்கு விளக்கு வார்க்கணும். பித்தளைக்கு 4 லட்சம் வேண்டும். 14 லட்சத்துக்கு ஆர்டர் இருக்கிறது.

சித்தப்பா: யார் யார்?

செல்வம்: கும்பகோணம் மண்டபம் 2, திருவாரூர் நகைக்கடை 2, மன்னார்குடி திருப்பணிக் கமிட்டி 5, சென்னைக் கம்பெனி தீபாவளிப் பரிசு 5. நாலு பேருக்கும் கொட்டேஷன் போயாச்சு.

கல்பனா அக்கா: கொட்டேஷன் அனுப்பியது நீ செய்த வேலைடா. அவர்கள் என்ன செய்தார்கள், அதைச் சொல்.

பெரியம்மா: மேட்டூர் திறந்தாச்சா?

செல்வம்: மண்டபம் 60,000 முன்பணம் கொடுத்தாச்சு. நகைக்கடை முதலாளி, மாதிரிக்கு விளக்கை வாங்கி வைத்துக்கொண்டு, எடைக்கு எடை பேரம் பேசுகிறார். என்றைக்குத் தருவாய் என்றும் கேட்டார்.

ராஜு மாமா: பேரம் பேசுகிறவன் வாங்க மாட்டான்.

கல்பனா அக்கா: இல்லை மாமா, வாங்க நினைக்காதவருக்குப் பேரம் பேசப் பொறுமை இருக்காது. பணம் போடுகிற ஆளே பேசுகிறார், தேதியும் கேட்கிறார். முன்பணம் வந்தால் அதுவும் உறுதி. கமிட்டி?

செல்வம்: தலைவர் பார்த்துச் சொல்கிறாராம். முதலில் சித்திரை என்றார்கள், அப்புறம் வைகாசி, இப்போது ஆவணி.

கல்பனா அக்கா: கொட்டேஷன் கொடுத்து?

செல்வம்: மூணு மாதம்.

கல்பனா அக்கா: போன வருஷம் எத்தனை கொட்டேஷன், எத்தனை ஆர்டர்?

செல்வம்: 10 கொடுத்தேன், 3 வந்தது. மூன்றும் இருபது நாளுக்குள் முடிந்தது.

கல்பனா அக்கா: உன் கணக்கே சொல்கிறதே. இரண்டு முறை தேதி தள்ளியதைத் தனியாக எழுதி வை, ஆவணிக் கணக்கில் சேர்க்காதே. மாதிரி விளக்கு வேண்டும் என்று கம்பெனி கேட்டதா? யார் கையெழுத்துப் போடுவார்கள்?

செல்வம்: விலை மட்டும் கேட்டார்கள்.

கல்பனா அக்கா: மூணு கொட்டேஷன் வேண்டும் என்று ஃபைலுக்கு வாங்கியிருக்கலாம். மாதிரி அனுப்பட்டுமா, யாரிடம் காட்டணும் என்று கேள். பதில் வராவிட்டால் அது வெறும் விசாரிப்புதான்.

ராஜு மாமா: 10க்கு 3 என்றால் 14 லட்சத்தில் 4.2 வரும். சுலபக் கணக்கு.

கல்பனா அக்கா: நூறு பேர் இருந்தால் அந்தச் சராசரி நிற்கும் மாமா. இங்கே நாலு பேர்தான். கமிட்டி வந்தால் 5 முழுசாக வரும், இல்லாவிட்டால் பூஜ்யம். பத்துக்கு மூன்று என்று 5 லட்சத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மட்டும் யாரும் ஆர்டர் தர மாட்டார்கள்.

ராஜு மாமா: சென்னை போனவர்களுக்கு எல்லாம் தெரியும்.

பெரியம்மா: பாத்திரக்கடைக்கு என் வளையல் போனபோதும் ராஜு இப்படித்தான் கணக்குச் சொன்னான்.

ராஜு மாமா: அக்கா, அதை இப்போது ஏன்?

சித்தப்பா: மண்டபத்துக்கு வேண்டிய பித்தளைக்கு இப்போதே தருகிறேன். நகைக்கடை முன்பணம் வந்ததும் மீதி.

செல்வம்: மொத்தமாக எடுத்தால் கிலோவுக்குக் குறையும் சித்தப்பா.

கல்பனா அக்கா: குறையும். விற்காமல் கிடந்தால் வட்டி யார் கட்டுவது?

செல்வம்: நாளைக்குத் திருவாரூர் போய் வருகிறேன்.

பெரியம்மா: வரும்போது திவசத்துக்கு வெற்றிலை வாங்கி வா. மேட்டூர் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே?