[கலைச்சொல்] நேட்டிவ் விலேனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

பாலிடெக்னிக் விரிவுரையாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சி.சி.என்.ஏ 200-301 தேர்வுக்குப் படிக்கும் எங்கள் பட்டய மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். கட்டளைகள் ஆங்கிலத்திலேயே இருக்கும், விளக்கம் மட்டும் தமிழில். மற்ற சொற்கள் எப்படியோ அமைந்துவிட்டன; 'நேட்டிவ் விலேன்' மட்டும் பிடி கொடுக்கவில்லை. வரைவில் இப்போதைக்கு 'இயல்பு விலேன்' என்று போட்டிருக்கிறேன்.

சொல் எங்கே தேவைப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேக்கெட் ட்ரேசரில் SW1, SW2 என்று இரண்டு 2960 சுவிட்சுகளை இணைக்கிறோம். இருபுறமும் விலேன் 10-இல் ஒவ்வொரு கணினி இருக்கிறது. நிர்வாகத்துக்கென்று விலேன் 99 இரண்டிலும் உருவாக்கப்பட்டு, SW1-க்கு 192.168.99.11, SW2-க்கு 192.168.99.12 என முகவரியும் தரப்பட்டிருக்கிறது. SW1-இல் மாணவர் தட்டச்சிடுவது இது:

```
interface gigabitEthernet 0/1
 switchport mode trunk
 switchport trunk native vlan 99
```

SW2-வில் மூன்றாவது வரியை வேண்டுமென்றே விட்டுவிடச் சொல்கிறோம். சற்று நேரத்தில் SW2-வின் திரையில் இந்தச் செய்தி வரும்:

```
%CDP-4-NATIVE_VLAN_MISMATCH: Native VLAN mismatch discovered on GigabitEthernet0/1 (1), with SW1 GigabitEthernet0/1 (99).
```

மாணவர்கள் உடனே ஒரு கணினியிலிருந்து மற்றதற்குப் பிங் செய்து பார்ப்பார்கள். அது போய்விடும். செய்தியைப் பொருட்படுத்தாமல் அடுத்த பயிற்சிக்கு நகர்ந்துவிடுவார்கள். SW1-இலிருந்து 192.168.99.12-க்குப் பிங் செய்யச் சொன்னால்தான் வெறும் புள்ளிகளாக வந்து விழுவதைப் பார்ப்பார்கள். ஒன்று போய் மற்றது ஏன் போகவில்லை என்று விளக்கும் அந்த ஒரு பத்திக்குத்தான் இந்தச் சொல் வேண்டும்.

தேர்வுக்குப் படிக்கும் உறுப்பினர்:

'இயல்பு விலேன்' மிகப் பொருத்தமாகவே இருக்கிறது, மேடம். பெட்டியிலிருந்து எடுத்த எந்த சுவிட்சிலும் எல்லாப் போர்ட்டும் விலேன் 1-இல்தான் இருக்கிறது, நேட்டிவும் 1தான். நாம் எதையும் செய்யாதபோது இருப்பதுதானே இயல்பு?

கூடவே ஒரு சந்தேகம். இதே பயிற்சியை நான் 3560-இல் செய்தபோது `switchport mode trunk` கட்டளையையே ஏற்க மறுத்துவிட்டது. இதுவும் நேட்டிவ் முரண்பாட்டால்தான் வருகிறதா?

வலையமைப்புப் பொறியாளர்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. 3560-க்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறையிடும் முறைகள் தெரியும் என்பதால், `switchport trunk encapsulation dot1q` என்று முன்கூட்டியே சொல்லாதவரை ட்ரங்க் ஆக மாட்டேன் என்று மறுக்கிறது. 2960-க்கு அந்த ஒரு முறைதான் தெரியும், ஆகவே அங்கே அந்தக் கட்டளையே கிடையாது. நேட்டிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதல் கருத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் டீஃபால்ட் விலேன் என்பது ஒரு தலைப்பின் கீழும் நேட்டிவ் விலேன் என்பது வேறொரு தலைப்பின் கீழும் தனித்தனியாக இருக்கின்றன. டீஃபால்ட் விலேன் எப்போதும் 1தான்; அதை அழிக்கவும் முடியாது, வேறு எண்ணுக்கு மாற்றவும் முடியாது. நேட்டிவை 99 ஆக்கலாம், 500 ஆக்கலாம். தொடக்கத்தில் இரண்டும் 1 என்பதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன, அவ்வளவுதான். 'இயல்புநிலை' என்பதை டீஃபால்ட்டுக்கு ஏற்கெனவே பலரும் வழங்கி வருகிறார்கள். நேட்டிவுக்கும் 'இயல்பு' என்று வைத்தால், இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவருக்கு அந்தக் குழப்பத்தைக் கையேடே அச்சிட்டுக் கொடுத்ததாகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நேட்டிவ் என்பது ஒரு விலேனின் பண்பு அன்று; ஒரு ட்ரங்க் போர்ட்டின் அமைப்பு. டேக் இல்லாமல் வரும் ஃப்ரேமை எந்த விலேனில் சேர்ப்பது, எந்த விலேனின் ஃப்ரேமை டேக் இல்லாமல் அனுப்புவது என்பதை ஒவ்வொரு முனையும் தனக்குத்தானே முடிவு செய்துகொள்கிறது. மறுமுனை என்ன முடிவு செய்தது என்று ஃப்ரேமைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. எனவே தாயகம், பூர்வீகம், சொந்தம் என்று யாராவது கிளம்புவதற்கு முன்பே அவற்றை விலக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பொறியாளர் தம்பி சொன்னதைப் படித்ததும் எனக்கு இலக்கணம்தான் நினைவுக்கு வந்தது. அந்த டேக் என்பது ஃப்ரேமின் எந்த இடத்தில் அமர்கிறது என்று என் பேரனைக் கேட்டேன். அனுப்புநரின் முகவரிக்கும் வகை குறிக்கும் பகுதிக்கும் இடையே, 4 பைட் அளவில் என்றான். அப்படியானால் அது முன்னொட்டும் அன்று, பின்னொட்டும் அன்று. பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நிற்கும் இடைநிலை. அந்த இடைநிலை மறைந்தும் பொருள் தந்து நிற்பதை நாம் என்னவென்று சொல்வோம்? வினைத்தொகையில் காலம் கரந்து நிற்கிறது, வேற்றுமைத்தொகையில் உருபு தொக்கி நிற்கிறது. ஆகவே இது 'தொகை விலேன்'. டேக் வெளிப்பட நிற்கும் மற்றவை 'விரி விலேன்'கள்.

இதில் இன்னொரு நயமும் இருக்கிறது. 'புலி கொல் யானை' என்ற தொடரில், புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்பது விரிப்பவரைப் பொறுத்தது. அனுப்பும் சுவிட்சு 99 என்று எண்ணித் தொகுத்ததைப் பெறும் சுவிட்சு 1 என்று விரிக்கிறது. உங்கள் பிங் தடுமாறுவதும் இதே தடுமாற்றந்தான். தொல்காப்பியர் 'தடுமாறு தொழிற்பெயர்' என்றே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார். தடுமாறு தொழிற்பெயரை விளக்குகையில் உரையாசிரியர்கள்...

(இதன் பின்னர் ஐயா எழுதியவை நீளமானவை; தனி இழையாகப் போடும்படி மட்டுறுத்துநர் வேண்டிக்கொண்டிருக்கிறார்.)

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயாவின் விளக்கத்தை மிகவும் ரசித்தேன், ஆனால் சொல்லை ஏற்க முடியவில்லை. 'தொகை' என்றால் இன்றைய மாணவனுக்குக் கட்டணத் தொகையும் நிலுவைத் தொகையும்தான் நினைவுக்கு வரும். அவனுக்கு வினைத்தொகையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அதன் பிறகு விலேனைச் சொல்லிக் கொடுக்கப் பாடவேளை போதாது. 'முடிவிலி', 'பெயரிலி' போல 'குறியிலி விலேன்' என்று வைத்தால் கேட்ட மாத்திரத்தில் விளங்குமே.

எங்கள் பக்கத்தில் சுவிட்சை ஆளி என்று பாடநூலில் படித்தவர்கள் நாங்கள். அதையும் இந்தக் கையேட்டில் கவனிக்கலாமா?

பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

ஆளியைப் பற்றிப் பிறகு பேசுவோம். இங்கே மின்விளக்குக்கும் வலையமைப்புக்கும் சுவிட்சு என்றே பழகிவிட்டது. 'குறியிலி'யை மட்டும் மன்னிக்கவும். பத்தொன்பது வயது மாணவர்கள் நிரம்பிய ஆய்வகத்தில் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லிவிட்டு அன்றைய வகுப்பை யாராலும் தொடர முடியாது.

'டேக்' என்பதற்கு 'ஒட்டு' என்றும், நேட்டிவுக்கு 'ஒட்டிலா விலேன்' என்றும் வைத்தால் என்ன? சிமுலேஷன் முறையில் ஒரு ஃப்ரேமைச் சொடுக்கித் திறந்தால் விலேன் 10-இன் ஃப்ரேமில் `TPID:0x8100`, `TCI:0x000a` என்ற இரண்டு கட்டங்கள் கூடுதலாகச் செருகப்பட்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். விலேன் 99-இன் ஃப்ரேமில் அவை இருக்காது. 'ஒட்டு இருக்கிறது, ஒட்டு இல்லை' என்று திரையைச் சுட்டிக்காட்டியே சொல்லிவிடலாம். ஆனால் நேற்று முயன்றபோது SW2-வில் அந்த ஒட்டிலா ஃப்ரேம் வந்து சேர்வதையே என்னால் பார்க்க முடியவில்லை.

வலையமைப்புப் பொறியாளர்:

முரண்பாட்டை வைத்துக்கொண்டு பார்த்தால் தெரியாது, அம்மா. அந்த சி.டி.பி செய்தியோடு `%SPANTREE-2-RECV_PVID_ERR` என்று தொடங்கும் செய்தியும் வந்திருக்குமே? இரு முனைகளின் நேட்டிவும் ஒத்துப்போகவில்லை என்று ஸ்பானிங் ட்ரீயும் கண்டுபிடித்து, முரண்பட்ட விலேனை மட்டும் அந்தப் போர்ட்டில் அடைத்துவிடுகிறது. விலேன் 10 ஒட்டோடு போவதால் அதற்கு யாதொரு தடையும் இல்லை. கணினிகளுக்கிடையே பிங் போவதும் நிர்வாக முகவரிக்குப் போகாததும் இதனால்தான். சி.டி.பி வெறுமனே புகார் சொல்கிறது; கதவை அடைப்பது ஸ்பானிங் ட்ரீ. பத்தியில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதுங்கள், ஏனெனில் சி.டி.பி-யை அணைத்துவிட்டுச் செய்தி நின்றுவிட்டது என்று மகிழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பயிற்சியின் வரிசையை மாற்றுங்கள். முதலில் இரு சுவிட்சிலும் `show interfaces trunk` கொடுக்கச் சொல்லி, Native vlan என்ற நிரலில் ஒன்றில் 99-உம் மற்றதில் 1-உம் இருப்பதை மாணவரே கண்டுபிடிக்கட்டும். SW2-வில் விடுபட்ட வரியைச் சேர்த்து, நிர்வாக முகவரிக்குப் பிங் போவதை உறுதி செய்த பிறகு சிமுலேஷனில் இரண்டு ஃப்ரேம்களையும் அருகருகே ஒப்பிடலாம்.

'ஒட்டிலா' பற்றி ஒரு முணுமுணுப்பு மட்டும். சில சுவிட்சுகளில் `vlan dot1q tag native` என்றொரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்துவிட்டால் நேட்டிவ் விலேனின் ஃப்ரேமுக்கும் ட்ரங்கில் ஒட்டுப் போடப்படும். அப்போது 'ஒட்டிலா விலேனுக்கு ஒட்டிடுக' என்று எழுத நேரிடும்.

தேர்வுக்குப் படிக்கும் உறுப்பினர்:

எனக்கு ஒரு விண்ணப்பம். வினாத்தாளில் நேட்டிவ் என்றுதான் வரப்போகிறது, கட்டளையிலும் `native` என்றுதான் தட்டச்சிடுகிறோம். படிக்கும்போது ஒரு சொல், எழுதும்போது வேறு சொல் என்றால் தேர்வறையில் மனத்துக்குள் ஒருமுறை மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். 'நேட்டிவ் விலேன்' என்றே விட்டுவிடக் கூடாதா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தேர்வு எழுதுவதற்காக மட்டுமே படிப்பதென்றால் கையேட்டைத் தமிழில் எழுதும் உழைப்பே வேண்டாமே, தம்பி. சொல் விளங்கினால்தான் அது ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதும் விளங்கும். அந்த வகையில் 'நேட்டிவ்' என்ற சொல் ஆங்கிலம் அறிந்தவருக்கும் எதையும் விளக்கவில்லை என்பதைப் பொறியாளரே காட்டிவிட்டார்.

பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

வியாழன் இரவாகிவிட்டதால் முடிவெடுத்துவிட்டேன். ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் முறை 'நேட்டிவ் விலேன் எனப்படும் ஒட்டிலா விலேன்' என்று வரும், பிறகு 'ஒட்டிலா விலேன்' மட்டும். பயிற்சியின் வரிசையைப் பொறியாளர் சொன்னபடியே மாற்றியிருக்கிறேன். நேட்டிவுக்கே ஒட்டிடும் கட்டளை எங்கள் பாடத்தில் இல்லாததால் அந்தச் சங்கடத்தை இந்தப் பதிப்பில் தொடவில்லை. உடன்பட்டவர்கள் நால்வர், அவர்களில் இருவர் 'சரி, போகட்டும்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நான் உடன்பட்டவர்களில் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். ஒட்டு இல்லை என்பது வேறு, தொக்கி நிற்கிறது என்பது வேறு. பொறியாளர் குறிப்பிட்ட அந்தக் கட்டளையைக் கொடுத்தால் 'தொகை விரிந்தது' என்று ஒரு சிக்கலும் இல்லாமல் எழுதலாம். அடுத்த பதிப்பின்போது நினைவூட்டுகிறேன். அதற்குள் 'ட்ரங்க்' என்பதற்குத் 'தண்டு' என்று போட்டிருந்தால் அதைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும்.