எப்பாக்சி ஊசியா, உட்செலுத்தலா, ஊட்டலா? பாலிமர் சாந்துக்கு ஒரே சொல் போதுமா?

பூங்குழலி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கான்கிரீட் பழுதுபார்ப்பு பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். விரிசலுக்குள் எப்பாக்சிப் பிசினை அழுத்தி ஏற்றும் வேலைக்கு வரைவில் 'எப்பாக்சி ஊசி' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தவர், "காய்ச்சலுக்குப் போடுவது போல இருக்கிறதே" என்று சிரித்துவிட்டார். இன்னொன்று, பெயர்ந்து விழுந்த இடத்தை அடைக்கும் பாலிமர் மார்ட்டர். 'பல்லுறுப்பிச் சாந்து' என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

சபேசன் எழுதியது:

'உட்செலுத்தல்' என்று நல்ல சொல் புழக்கத்தில் இருக்கும்போது புதிதாக எதற்கு? 'எப்பாக்சி உட்செலுத்தல்' என்று முடித்துவிடலாம். சாந்துக்கும் இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஒன்று நீர்த்த பிசின், மற்றது மணல் சேர்த்துக் கெட்டியாக்கிய பிசின், அவ்வளவுதான். 'பிசின் சாந்து' என்றால் யாருக்கும் புரியும்.

மணிமாறன் எழுதியது:

சபேசன் சொல்வது பாதி சரி. எப்பாக்சியில் காய்ந்த மணலைக் கலந்தால் கிடைப்பது பிசின் சாந்துதான். அதில் சிமெண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனால் வேலைத்தளத்தில் பாலிமர் மார்ட்டர் என்று பெரும்பாலும் சொல்வது அதை அல்ல. சிமெண்ட், மணல் கலவையில் எஸ்பிஆர் என்ற செயற்கை ரப்பர் பாலையோ அக்ரிலிக் பாலையோ ஊற்றிக் குழைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அங்கே இறுகிப் பிடிப்பது சிமெண்ட், பால் அதற்குத் துணை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கையேட்டைப் படிப்பவர் தப்பான டப்பாவைத் திறப்பார்.

ஓர் உத்தரத்தை எடுத்துக்கொள்வோம். அடியில் கம்பி துருப்பிடித்து, மேல்காரை பெயர்ந்து தொங்குகிறது. தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும் இடம் எல்லாவற்றையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் ஒரு 20 மி.மீ. இடைவெளி விட்டுக் கொத்தித் துருவைச் சுத்தமாக நீக்க வேண்டும். ஓரங்களைச் சாய்வாக விடாமல் 10 மி.மீ. ஆழத்துக்காவது நேராக வெட்டினால்தான் ஒட்டு நிற்கும். இதுவரை இரண்டு சாந்துக்கும் வேலை ஒன்றுதான்.

அடுத்த படியில்தான் நேரெதிர். சிமெண்ட் வகைக்குப் பழைய கான்கிரீட் நன்றாக நீர் குடித்திருக்க வேண்டும், மேலே மட்டும் தண்ணீர் நிற்கக் கூடாது. பாலில் குழைத்த சிமெண்ட் கூழைத் தூரிகையால் தேய்த்து, அது ஈரமாக இருக்கும்போதே சாந்தை அப்ப வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று போனால் கூழ் காய்ந்து தோல் கட்டிவிடும். ஒட்டுவதற்காகப் பூசியதே அப்புறம் ஒட்டவிடாமல் செய்யும். பிசின் சாந்தை எடுத்துக்கொண்டால் பொதுவாக அடித்தளம் உலர்ந்திருக்க வேண்டும், ஈரம்தான் அதற்குப் பகை.

கம்பிக்கும் வித்தியாசம் உண்டு. சிமெண்டின் காரத்தன்மை கம்பி மேல் ஒரு காப்புப் படலத்தை மறுபடி உண்டாக்கும். பிசின் வெறும் மறைப்புதான். வெயில் படும் இடத்தில் கனமாகப் பிசின் சாந்தை அப்பினால் இன்னொரு தொல்லை: சூட்டில் அது கான்கிரீட்டைவிட மிக அதிகமாக விரியும். நாளடைவில் அடியில் உள்ள கான்கிரீட்டின் மெல்லிய ஏட்டையும் பிய்த்துக்கொண்டு கழன்று வரும். எனவே இந்த உத்தரத்துக்குச் சிமெண்ட் வகையைத்தான் சொல்வேன். பிசின் சாந்து மெல்லிய ஒட்டுகளுக்கும், அமிலம் சிந்தும் தரைகளுக்கும், சீக்கிரம் திறந்துவிட வேண்டிய இடங்களுக்கும் நல்லது.

ஆதிரை எழுதியது:

நான் பொறியாளர் இல்லை, மன்னிக்கவும். எங்கள் வீட்டு மொட்டைமாடித் தளத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், மழையில் ஒழுகியது. எப்பாக்சி ஏற்றி அடைத்தார்கள். அடுத்த கோடையில் அந்தக் கோடு அப்படியே இருக்க, ஒரு விரலளவு தள்ளிப் புதிதாக ஒன்று ஓடியது. மட்டமான மருந்தா? நீங்கள் பேசுவது அதைப் பற்றித்தானா?

மணிமாறன் எழுதியது:

கேள்வி சொல்லைப் பற்றியது அம்மா, ஆனாலும் நல்ல நேரத்தில் கேட்டீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மருந்தின் குறை போலத் தெரியவில்லை. இறுகிய எப்பாக்சியை இழுத்தால் அதற்கு முன்னால் கான்கிரீட்தான் கிழியும். உங்கள் தளம் வெயிலுக்கு விரிந்து, குளிருக்குச் சுருங்கி அசைந்துகொண்டிருந்தால், அடைத்த கோட்டை விட்டுப் பக்கத்தில் கிழித்துக்கொள்ளும். இப்படி உயிருள்ள விரிசலுக்கு இழுபடும் மென்மையான அடைப்பான்தான் வேண்டும். விரிசல் முனையில் பென்சிலால் கோடும் தேதியும் போட்டு, அகலத்தை விடியற்காலையிலும் நடுப்பகலிலும் அளந்தால் அசைகிறதா என்று தெரிந்துவிடும். கம்பி போகும் வழியிலேயே நீளமாக ஓடி, துருக்கறையும் கசிந்தால் அங்கேயும் எப்பாக்சி ஏற்றக் கூடாது. உள்ளே துரு பருத்துக்கொண்டே போகும், பக்கத்தில் வெடிக்கும். கொத்தித்தான் ஆக வேண்டும்.

பூங்குழலி எழுதியது:

அப்படியானால் 'விரிசலூட்டல்' என்று வைத்துக்கொள்ளலாமா? சிறுகச் சிறுக ஊட்டுவதுதானே வேலை?

கோதை எழுதியது:

வேண்டாம் பூங்குழலி! நிறமூட்டல் என்றால் நிறத்தைக் கொடுப்பது, உணர்வூட்டல் என்றால் உணர்வைக் கொடுப்பது. விரிசலூட்டல் என்றால் விரிசலை உண்டாக்குவது என்று ஆகிவிடும். ஊட்டப்படுவது முன்னால் நிற்கட்டும்: 'எப்பாக்சியூட்டல்'.

மணிமாறன் எழுதியது:

கோதை சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. வேலையும் ஊட்டுவது போலத்தான் நடக்கும். விரிசலின் முகத்தைப் பசையால் மூடி, பிசினை உள்ளே விட இடையிடையே நிப்பிள் என்ற சிறு குழாய்முனைகளைப் பதிப்பார்கள். செங்குத்து விரிசல் என்றால் கீழ் நிப்பிளில் தொடங்கி, அடுத்த நிப்பிளில் பிசின் வழிந்த பிறகு கீழதை மூடிவிட்டு மேலே போவார்கள். அவசரப்பட்டு அழுத்தத்தைக் கூட்டினால் மேல்மூடி பிய்யும், விரிசலே நீளவும் கூடும்.

எவ்வளவு போக வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைப்பது என் வழக்கம். அகலம் 0.3 மி.மீ., ஆழம் 300 மி.மீ., நீளம் 1 மீட்டர் என்றால் மொத்தமே 90 மி.லி. அரை லிட்டர் போயும் அடுத்த நிப்பிளில் தலை காட்டவில்லை என்றால் பின்பக்கம் எங்கோ ஒழுகுகிறது. 20 மி.லி.யோடு நின்றுவிட்டால் உள்ளே தூசியோ அடைப்போ இருக்கிறது. சந்தேகம் தீர வேண்டுமானால் கம்பியில் படாமல் ஒரு சிறு உருளையைக் குடைந்து எடுத்து, கோடு முழுக்க நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். அந்த 90 மி.லி.க்காக ஒரு வாளி கலக்கிவிடாதீர்கள். மொத்தமாக வைத்தால் தானே சூடேறிப் பாத்திரத்திலேயே கல்லாகிவிடும்.

சபேசன் எழுதியது:

சாந்து விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், இரண்டு பெயர் வேண்டும். ஆனால் 'ஊட்டல்' குழந்தைக்குச் சோறு கொடுப்பது போல இருக்கிறது. சிமெண்ட் பால் ஏற்றுவதற்கு 'ஏற்றல்' என்கிறோமே, 'எப்பாக்சி ஏற்றல்' ஆகாதா? நான் இன்னும் உட்செலுத்தல் பக்கம்தான்.

பூங்குழலி எழுதியது:

இப்போதைக்கு 'எப்பாக்சியூட்டல்' என்று எழுதி, முதலில் வரும் இடத்தில் 'உட்செலுத்தல்' என்றும் சொல்வார்கள் என்று சேர்த்துவிடுகிறேன். சாந்துக்குப் 'பிசின் சாந்து', 'பாலிமர் கலந்த சிமெண்ட் சாந்து'. பாலிமருக்குத் தமிழில் பல்லுறுப்பியா, பலபடியா என்ற பழைய சண்டையை இதில் இழுக்கவில்லை. நிப்பிளுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.

கோதை எழுதியது:

'ஊட்டுவாய்' வைத்துப் பாருங்கள்.

மணிமாறன் எழுதியது:

அழகாக இருக்கிறது. ஆனால் கடையில் போய் ஊட்டுவாய் இருபது கொடுங்கள் என்றால் வெறுங்கையோடுதான் வருவார்கள். பொருள் பட்டியலில் மட்டும் நிப்பிள் என்றே இருக்கட்டும்.