அம்மாவின் 60-க்கு சர்ப்ரைஸ்: நேரம் எல்லோருக்கும் தெரிய வேண்டும், அம்மாவைத் தவிர

மொட்டைமாடி: வரும் ஞாயிறு அம்மாவுக்கு 60. மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் 32 பேருக்குச் சாப்பாடு. சித்தி அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் 7 மணிக்குத் திரும்புவார். "அம்மா 60" என்று வாட்ஸ்அப் குரூப் போட்டிருந்தேன். நேற்று அத்தை குரூப் மாறி, அம்மா இருக்கும் குடும்ப குரூப்பில் "ஞாயிறு 7 மணிதானே?" என்று கேட்டுவிட்டார். உடனே அழித்தும் விட்டார். இனி எப்படி அனுப்புவது?

ஜன்னலோரம்: அழித்தாயிற்றே, பிறகென்ன! தடயமே இருக்காது.

பந்திக்காரர்: மெசேஜ் போய்விடும், ஆனால் அழித்ததாக ஒரு வரி அத்தை பெயரோடு அங்கேயே நிற்கும். அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். அத்தையே அங்கு ஏதாவது சமையல் குறிப்பு போட்டு, "முதலில் தப்பாகப் போட்டுவிட்டேன்" என்று சொல்லட்டும்.

குரூப்பைக் கலைத்துவிட்டு பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள். அவரவருக்குத் தனி மெசேஜாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். ஒரு சிக்கல், உங்கள் எண்ணைப் போனில் சேமிக்காதவருக்கு அது போகவே போகாது. ஒரு மணி நேரம் கழித்து மெசேஜ் விவரத்தைத் திறந்து, யாருக்குச் சேரவில்லை என்று பார்த்துப் போன் செய்யுங்கள்.

பூட்டிய திரையிலும் முதல் வரிகள் தெரியும். அதனால் தொடக்கம் சப்பென்று இருக்கட்டும்:

"கேஸ் சிலிண்டர் விஷயமாக ஒரு தகவல். வேலை முடிந்ததும் தனியாக இருக்கும்போது முழுதும் படியுங்கள்.

ஞாயிறு மாலை 6:15-க்குள் மாடிக்கு வந்துவிடுங்கள். 6:45-க்கு கேட் பூட்டப்படும். தாமதமானால் பின் தெருவில் நின்று என்னை மட்டும் கூப்பிடுங்கள்."

7 மணி என்பதை விருந்தினரிடம் சொல்லவே வேண்டாம். சொன்னால் பாதிப் பேர் அம்மாவோடு சேர்ந்து வாசலில் இறங்குவார்கள்.

வடைசட்டி: நேரம் குறித்து வைத்தால் மெசேஜ் தானாகப் போக வேண்டுமா? அப்படியென்றால் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் அப்பாவின் 70-க்கு மெசேஜெல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மாடிப்படிக்குக் கீழே இருபது ஜோடி செருப்பு கிடந்தது. அப்பா அதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினார்.

மொட்டைமாடி: அனுப்பிவிட்டேன். மூன்று பேருக்குச் சேரவில்லை. இரண்டு பேரைப் போனில் பிடித்துவிட்டேன். மூன்றாவது பெரியம்மா. கண் சரியில்லாததால் அவர் மெசேஜை அம்மாதான் படித்துக் காட்டுவார். போன் செய்தாலும் ஸ்பீக்கர்தான்.

பந்திக்காரர்: அவருக்கு எதுவும் சொல்லாதீர்கள். 5:30-க்கு ஆள் அனுப்பி அழைத்து வாருங்கள்.

ஜன்னலோரம்: மூத்தவருக்குச் சொல்லாமல் விட்டால் மனத்தாங்கல் ஆகாதா? நேரில் போய்ச் சொல்லுங்கள்.

பந்திக்காரர்: நேரில் சொன்னால் அன்று இரவே அம்மாவுக்குப் போய்விடும்.

மொட்டைமாடி: இன்னும் முடிவு செய்யவில்லை. இதற்கு நடுவில் அம்மா இன்று ஒரு பட்டுப்புடவையை ஃபால்ஸ் தைக்கக் கொடுத்திருக்கிறார். சனிக்கிழமைக்குள் வேண்டுமாம். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.